வங்கிப் புத்தகம் கைக்கு வரும் வழி

வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? இக்கேள்வியை எமது பிரதேசத்திலுள்ள ஒரு வங்கிக் கிளையில் கேட்டபோது, "பத்திரங்கள் சரியாக இருந்தால் அரை மணித்தியாலம்" என்றார்கள். அதே கேள்வியை மாதர் அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டேன். "எட்டுத் தரம் போய் வந்தனான் பிள்ளை" என்றார் ஓர் அக்கா.

இருவருமே பொய் சொல்லவில்லை. வங்கி தனது கருமபீடத்திலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. அந்த அக்காவோ தனது வீட்டுப் படலையிலிருந்து கணக்கிடுகிறார். படலைக்கும் கருமபீடத்துக்கும் இடையில் நடப்பவை வங்கியின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவற்றை ஒரு தாளில் வரைந்து பார்த்தால், எங்கே காலம் போகிறது, எங்கே காசு போகிறது, எங்கே மனம் நோகிறது என்பது தெரியவரும். எமது சங்கத்தில் நாம் அவ்வாறு வரைந்த ஒரு படத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

கணக்கு இல்லாமல் இருந்துவிடலாம் என்ற காலம் போய்விட்டது. வாழ்வாதார உதவிகள் கணக்கு வைத்திருப்பவருக்கே கிடைக்கின்றன. 2023 இல் ஆரம்பித்த அஸ்வெசும கொடுப்பனவும் வங்கிக் கணக்கினூடாகவே வருகிறது. ஆகவே கணக்குத் திறக்கும் வழியில் ஒரு பெண் களைத்துத் திரும்பினால், அவர் இழப்பது வங்கிப் புத்தகத்தை மட்டுமல்ல.

தொடும் இடமும் நோகும் இடமும்

இந்த வரைபடத்தை வியாபார உலகில் வாடிக்கையாளர் பயண வரைபடம் என்பார்கள். ஒரு சேவையைப் பெற வருபவர் முதன்முதலில் அதைப் பற்றிக் கேள்விப்படுவதிலிருந்து, அதன் பலனைக் கையில் பெறுவது வரையான வழியை அது காட்டும். வழியில் அவர் அந்தச் சேவையோடு தொடர்புபடும் ஒவ்வோர் இடத்தையும் "தொடும் இடம்" என்கிறோம். அது ஓர் ஆளாக இருக்கலாம், ஒரு படிவமாக இருக்கலாம், வாசலில் ஒட்டிய அறிவித்தலாகவும் இருக்கலாம். அவர் தடுமாறும், காத்திருக்கும், திருப்பி அனுப்பப்படும் அல்லது அவமானப்படும் இடத்தை "நோகும் இடம்" என்கிறோம்.

இத்தகைய படங்களுக்கு முன்னோடியான ஒரு முறையை எழுதியவர் லின் ஷொஸ்ராக் என்ற அமெரிக்கப் பெண். அவர் வங்கித் துறையில் உயர் பதவி வகித்தவர். 1984 இல் வெளிவந்த கட்டுரையொன்றில், வீடு கட்டுவதற்குப் படம் கீறுவதுபோல ஒரு சேவைக்கும் படம் கீறலாம் என்று அவர் காட்டினார். அந்தப் படத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு மேலே இருப்பவை வாடிக்கையாளரின் கண்ணுக்குத் தெரிபவை. கீழே இருப்பவை கருமபீடத்துக்குப் பின்னால் நடப்பவை. எமக்கு இந்தக் கோடு மிகவும் பயன்பட்டது. ஏன் என்று பின்னர் சொல்கிறேன்.

படம் வரைந்த விதம்

நாம் எடுத்துக்கொண்டவை இரண்டு டிமைத் தாள்கள், மாக்கர் பேனைகள், ஒரு சுண்டு புளியங்கொட்டை, ஒரு பிடி செத்தல் மிளகாய். கூட்டத்துக்கு வந்த எட்டுப் பெண்களும் அதே கிளையில் கடந்த ஆறு மாதத்துக்குள் கணக்குத் திறந்தவர்கள். எட்டுப் பேருடைய கதையையும் ஒன்றாகக் கலந்து எழுதினால் யாருடைய கதையும் அல்லாத ஒன்றுதான் வரும். ஆகவே முதலில் ஒருவருடைய வழியை மட்டும் முழுமையாகக் கீறினோம். மற்றவர்கள் பின்னர் அதன்மீது தமது அடையாளங்களை வைத்தார்கள்.

ஒரு மணித்தியாலக் காத்திருப்புக்கு ஒரு புளியங்கொட்டை. நொந்த இடத்துக்கு மிளகாய். கொஞ்சம் நொந்தால் ஒன்று, தாங்கமுடியாமல் நொந்தால் மூன்று. எழுத வாசிக்கச் சிரமப்படும் இரண்டு தாய்மாரும் இதனால் மற்றவர்களோடு சமமாகப் பங்குபற்றினார்கள்.

ஒரு விதியை மட்டும் கண்டிப்பாக வைத்திருந்தோம். என்ன நடக்கவேண்டும் என்று எழுதக்கூடாது. என்ன நடந்தது என்றே எழுதவேண்டும். "அங்க போனா கடிதம் தருவினம்" என்று ஒருவர் சொன்னால், "நீங்கள் போன அண்டைக்குத் தந்தவையோ?" என்று கேட்டோம். இக்கேள்விக்குப் பின்னர்தான் உண்மையான வழி வெளிவரும்.

ஓர் அக்காவின் எட்டுப் பயணங்கள்

நாம் படமாகக் கீறியது 47 வயதான ஓர் அக்காவின் வழியை. முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில் வசிக்கிறார். கணவர் 2009 இல் காணாமற்போனவர். கச்சான் தோட்டங்களில் கூலி வேலை செய்கிறார். நாட்கூலி 1500 ரூபா. கோழி வளர்ப்புக்காக 40,000 ரூபா வாழ்வாதார உதவிக்கு ஒரு நிறுவனம் அவரைத் தெரிவு செய்தது. உதவி காசோலையாகத் தரப்படும், வங்கிக் கணக்கு அவசியம் என்று அறிவித்தார்கள். வங்கியும் பிரதேச செயலகமும் 14 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒரே பட்டினத்தில் இருக்கின்றன. பஸ்ஸுக்குப் போகவர 160 ரூபா.

அவருடைய அடையாள அட்டையில் இருப்பது இடம்பெயர்வதற்கு முந்திய ஊரின் விலாசம். இப்போது இருக்கும் விலாசத்துக்கு அத்தாட்சி வேண்டும். காணியும் மின்சாரப் பட்டியலும் சகோதரனின் பெயரில் உள்ளன. ஆகவே கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ்தான் வழி.

முதலாம் பயணம் கிராம அலுவலரிடம், நடந்து. அவர் அன்று கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். இரண்டாம் பயணத்தில் சான்றிதழ் கிடைத்தது. மூன்றாம் பயணம் வங்கிக்கு. அங்கே சான்றிதழைப் பார்த்துவிட்டு, "இதில பிரதேச செயலாளரின்ர மேலொப்பம் இல்லை" என்றார்கள். அத்துடன், "கணவரின்ர மரணச் சான்றிதழையும் கொண்டு வாங்கோ" என்றும் சொன்னார்கள். நான்காம் பயணம் பிரதேச செயலகத்துக்கு, மேலொப்பத்துக்காக. மரணச் சான்றிதழ் பற்றி அங்கு விசாரித்தபோது, கணக்குத் திறக்க அது தேவையில்லை என்று ஓர் உத்தியோகத்தர் கூறினார். ஐந்தாம் பயணத்தில் கணக்கு திறக்கப்பட்டது.

வங்கி தனது கணக்கில் எழுதுவது இந்த ஐந்தாம் பயணத்தை மட்டுமே. ஆனால் அக்காவின் பயணம் இன்னும் முடியவில்லை. ஆறாம் பயணத்தில் காசோலையை வைப்பிடப் போனார். காசோலையிலிருந்த பெயரின் ஆங்கில எழுத்தும் கணக்கிலுள்ள பெயரின் எழுத்தும் வேறாக இருந்ததால் வங்கி அதை ஏற்கவில்லை. நிறுவனம் புதிய காசோலை எழுத மூன்று வாரம் எடுத்தது. ஏழாம் பயணத்தில் அது வைப்பிடப்பட்டது. எட்டாம் பயணத்தில்தான் அவர் கையில் காசு வந்தது.

படத்தின் கீழே கணக்கைக் கூட்டினோம். ஆறு பஸ் பயணங்களுக்கு 960 ரூபா. மூன்று முழுநாட்களும் மூன்று அரைநாட்களுமாக நாலரை நாட்கூலி 6750 ரூபா. போட்டோக் கொப்பிகளுக்கு 140 ரூபா. மொத்தம் 7850 ரூபா. கோழிக்கென்று வந்த 40,000 ரூபாவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான தொகை, அதைப் பெறும் வழியிலேயே போய்விட்டது. அக்கா அந்தத் தொகையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு போயிருக்கெண்டு நான் நினைக்கேல்லை" என்றார்.

அரை மணித்தியாலமும் மூன்று மணித்தியாலமும்

ஐந்தாம் பயணத்தில் வங்கிக்குள் நடந்தவற்றைத் தனித் தாளில் பெரிதாகக் கீறினோம். அக்கா 9.10 க்கு உள்ளே போய் 12.20 க்கு வெளியே வந்தார். மூன்று மணித்தியாலமும் பத்து நிமிடமும். விசாரணை மேசைக்கு முன் வரிசையில் 50 நிமிடம். படிவம் நிரப்ப ஒருவரைத் தேடி, நிரப்பி முடிக்க ஒரு மணித்தியாலம். படிவத்தைக் கொடுத்த பின்னர் வாங்கில் இருந்தது 55 நிமிடம். உத்தியோகத்தர் அவரோடு நேரில் செலவிட்டது எல்லாமாக 25 நிமிடம். வங்கி சொன்ன அரை மணித்தியாலம் இதுதான்.

அந்த 55 நிமிடம் பற்றிப் பேசும்போது கூட்டம் அமைதியானது. "என்ர அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு உள்ளுக்குப் போச்சினம். பேந்து வரேல்லை. எனக்கு நெஞ்சு இடிக்கத் தொடங்கிற்று" என்றார் அக்கா. அட்டையை ஒருவர் வாங்கிக்கொண்டு உள்ளே போவதும் நாம் வெளியே காத்திருப்பதும் எமது பெண்களுக்கு வேறு நினைவுகளைக் கொண்டுவரும். மற்ற ஏழு பேரில் ஐவர் அந்த வாங்குக்கு மிளகாய் வைத்தார்கள்.

இங்கேதான் ஷொஸ்ராக் போட்ட கோடு உதவியது. கோட்டுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை வங்கியில் கேட்டறிந்து எழுதினோம். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்கள் அறிக்கையிடற் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரும் யார் என்பதை வங்கி உறுதிசெய்ய வேண்டும். அவரது பெயர், பிறந்த திகதி, விலாசம், தொழில், கணக்கின் நோக்கம் ஆகியவற்றைப் பதிய வேண்டும். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபையின் தடைப் பட்டியல்களிலும், அதன்படி இலங்கையில் வர்த்தமானியில் வெளியாகும் பட்டியலிலும் அந்தப் பெயர் உள்ளதா என ஒத்துப்பார்க்க வேண்டும். கொழும்பில் கணக்குத் திறப்பவருக்கும் இதுவே நடக்கிறது. பின்னர் ஒரு மேலுத்தியோகத்தர் கணினியில் அனுமதிக்க வேண்டும். அன்று அவர் வேறொரு வேலையில் இருந்தார். 55 நிமிடத்தில் பெரும்பகுதி அவருக்காகக் காத்திருந்த நேரமே.

சோதனையைத் தவிர்க்க முடியாது. ஆனால், "அம்மா, பதிவு செய்ய ஒரு மணித்தியாலம் செல்லும், எல்லாருக்கும் இப்பிடித்தான், அட்டையைப் பிடியுங்கோ, கொப்பி எடுத்தாச்சு" என்று சொல்லியிருந்தால், அதே 55 நிமிடம் வெறும் காத்திருப்பாக மட்டும் இருந்திருக்கும். நேரம் குறையாமலே நோவு குறையும் இடங்களும் உண்டு. புளியங்கொட்டையையும் மிளகாயையும் வேறுவேறாக வைத்ததன் காரணம் அதுவே.

"திருமண நிலை" என்ற கட்டம்

படம் முழுவதிலும் அதிக மிளகாய் குவிந்த இடம் எதுவென்று எண்ணிப் பார்த்தோம். நீண்ட வரிசை அல்ல, பஸ் பயணமும் அல்ல. படிவத்திலிருந்த ஒரு சிறிய கட்டம். திருமணமானவர், திருமணமாகாதவர், விதவை என்று மூன்று தெரிவுகள். கீழே வாழ்க்கைத் துணையின் பெயர்.

"விதவையெண்டு கீறினால் அவரை நானே சாக்காட்டின மாதிரி. திருமணமானவர் எண்டு கீறினால், அப்ப அவர் எங்கையெண்டு கேப்பினம். நான் எதைக் கீறுறது பிள்ளை?" என்று அந்த அக்கா கேட்டார். அன்று வங்கியில் அவர் பேனையை வைத்துவிட்டு வெளியே போய் நின்றிருக்கிறார். படிவம் நிரப்பப் பிடித்த ஒரு மணித்தியாலத்தில் அந்தப் பொழுதும் அடங்கும்.

இந்த இடத்தில் விடயத்தைப் பிரித்து விளங்கிக்கொள்வது நல்லது. ஒரு பெண் தனது பெயரில் மட்டும் சேமிப்புக் கணக்குத் திறக்கும்போது, வங்கி உறுதிசெய்ய வேண்டியது அவருடைய அடையாளத்தையும் விலாசத்தையும்தான். கணவர் இருக்கிறாரா இல்லையா என்பதற்கு அத்தாட்சி தேவையில்லை. மரணச் சான்றிதழ் தேவைப்படுவது கணவரின் பெயரிலிருந்த கணக்கிலுள்ள பணத்தைக் கோரும்போதே. இந்த இரண்டு அலுவல்களும் ஒரே மேசையில் நடப்பதால் உத்தியோகத்தர்கள் சிலர் ஒன்றை மற்றதோடு கலந்துவிடுகிறார்கள். "இது என்ர பேரில புதுக் கணக்கு, அவற்ர கணக்குச் சம்பந்தமா வரேல்லை" என்று தொடக்கத்திலேயே சொன்னால் பெரும்பாலும் அந்தக் கேள்வி நின்றுவிடும்.

காணாமற்போனவரின் குடும்பத்தினருக்கு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, அவர் காணாமற்போனவர் என்று குறிப்பிடும் சான்றிதழைப் பெறும் வழி 2016 இல் நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்தத்தினால் கிடைத்தது. அதைப் பெறுவதா இல்லையா என்பது ஒவ்வொரு பெண்ணும் தானே எடுக்கவேண்டிய முடிவு. ஒரு சேமிப்புப் புத்தகத்துக்காக எவரும் அந்த முடிவை அவசரமாக எடுக்க வேண்டியதில்லை.

பெயரின் எழுத்து

ஆறாம் பயணம் ஏன் வீணாயிற்று என்பதைத் தேடி, படத்தில் பின்னோக்கிப் போனோம். காசோலை திரும்பிய இடத்தில்தான் அக்காவுக்கு நொந்தது. காரணமோ அதற்கு முன்னரே, இரண்டு வேறு மேசைகளில் உண்டாகியிருந்தது. அவரிடம் இருப்பது பழைய அடையாள அட்டை. அதில் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் மட்டுமே உள்ளது, ஆங்கிலத்தில் இல்லை. உதவி நிறுவனத்தின் உத்தியோகத்தர் தனக்குத் தெரிந்தபடி ஓர் ஆங்கில எழுத்தில் பதிந்தார். வங்கி உத்தியோகத்தர் இன்னொரு விதமாகப் பதிந்தார். "வ" என்ற ஓர் எழுத்துக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளில் ஒன்றைப் போடலாம். "தா" வை மூன்று விதமாக எழுதலாம். ஒரு நீண்ட தமிழ்ப் பெயர் இரண்டு அலுவலகங்களில் ஒரே மாதிரி வந்தால் அது அதிர்ஷ்டமே.

இது மற்றைய பெண்களுக்கும் நடந்திருக்கிறதா என்று கேட்டோம். எட்டுப் பேரில் மூவர் கையுயர்த்தினார்கள். ஒருவருக்குப் பிரச்சினை பெயரில் அல்ல, அட்டை இலக்கத்தில். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். புதியதில் பன்னிரண்டு எண்கள். கணக்கைப் பழைய அட்டையில் திறந்து, பட்டியலில் புதிய அட்டையின் இலக்கத்தைக் கொடுத்ததால், அவர் வேறொரு ஆள் என்று கருதப்பட்டார்.

இதற்கு நாம் கண்ட வழி எளிமையானது. பிறப்புச் சான்றிதழின் ஆங்கில மொழிபெயர்ப்பு, பழைய வங்கிப் புத்தகம், பிள்ளையின் பாடசாலைப் பத்திரம் என எதிலாவது பெயர் ஆங்கிலத்தில் இருந்தால், அந்த எழுத்தையே ஒரு துண்டில் எழுதிப் பேர்சில் வைத்திருங்கள். எந்த மேசையிலும் வாயால் சொல்லாமல் அத்துண்டைக் காட்டுங்கள். புத்தகம் கிடைத்ததும் கருமபீடத்தை விட்டு விலக முன்னர், முதற் பக்கத்திலுள்ள பெயரையும் அட்டை இலக்கத்தையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பிழையை அப்போதே காட்டினால் அங்கேயே திருத்தலாம். பின்னர் திருத்துவதற்கு ஒரு கடிதமும் இன்னொரு பஸ் பயணமும் வேண்டும். பணம் தரும் நிறுவனத்துக்கும் அந்த முதற் பக்கத்தின் கொப்பியையே கொடுங்கள். அதைப் பார்த்துக் காசோலை எழுதச் சொல்லுங்கள்.

நோவை யார் தீர்க்கலாம்?

மிளகாய் வைத்த இடங்களையெல்லாம் கடைசியில் மூன்றாகப் பிரித்தோம். நாமே தீர்க்கக்கூடியவை, இந்தக் கிளை தீர்க்கக்கூடியவை, கிளையாலும் தீர்க்க முடியாதவை. இதைச் செய்யாவிட்டால் படம் வெறும் முறைப்பாட்டுத் தாளாகிவிடும்.

நாமே செய்யக்கூடியது, போக முன்னர் அறிந்துகொள்வது. கிராம அலுவலருக்குத் தொலைபேசி எடுத்து அவர் இருக்கும் நாளைக் கேட்டிருந்தால் முதலாம் பயணம் இல்லை. மேலொப்பம் தேவை என்று தெரிந்திருந்தால் மூன்றாம் பயணம் இல்லை; நான்காவதையும் ஐந்தாவதையும் ஒரே நாளில் முடித்திருக்கலாம், காலையில் பிரதேச செயலகம், பிறகு வங்கி. பெயர்த் துண்டு இருந்திருந்தால் ஆறாவது இல்லை. எட்டில் நான்கு மிஞ்சும். செலவும் 7850 ரூபாவிலிருந்து 3620 ரூபாவாகக் குறைந்திருக்கும்.

கிளை செய்யக்கூடியவற்றைப் பற்றி முகாமையாளரோடு பேச மூன்று பெண்களும் நானும் போனோம். டிமைத் தாளை அவருடைய மேசையில் விரித்தோம். அவர் முதலில் பார்த்தது வாசலில் இருந்த இரண்டு மிளகாயை. "இது என்ன?" என்றார். காவலாளி "என்ன அலுவல்?" என்று கேட்கும் தொனியில் பயந்து, எட்டுப் பேரில் ஒருவர் முதல் நாள் உள்ளே போகாமலே திரும்பியதைச் சொன்னோம். வங்கியின் முதலாவது தொடும் இடம் கருமபீடம் என்று அவர் நினைத்திருந்தார். உண்மையில் அது வாசற்காவலாளி. தேவையான பத்திரங்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்டவும், அதைக் காட்டி விளக்கும்படி காவலாளிக்குச் சொல்லவும் அவர் ஒப்புக்கொண்டார். தமிழ்ப் படிவங்கள் அலுமாரியில் இருந்தன. கேட்பவருக்கு மட்டும் கொடுத்து வந்திருக்கிறார்கள். 1987 இன் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி என்பதை நினைவில் வைத்து, படிவத்தைத் தமிழில் கேட்கத் தயங்காதீர்கள்.

திருமண நிலைக் கட்டத்தை மாற்ற அவரால் முடியாது. படிவம் தலைமை அலுவலகத்தில் அச்சாகிறது. "அந்தக் கட்டத்தை நிரப்பச் சொல்லி நாங்கள் வற்புறுத்த மாட்டம்; மரணச் சான்றிதழும் கேக்க மாட்டம்" என்று சொன்னார். எழுத்தில் தரவில்லை. அவர் மாற்றலாகிப் போனால் இந்த வாக்கும் போய்விடும் என்பதைப் பெண்கள் அறிவார்கள். ஆகவே அதை மூன்றாம் பிரிவில் எழுதி, தலைமை அலுவலகத்துக்குச் சங்கத்தின் பெயரில் ஒரு கடிதம் அனுப்பியுள்ளோம். கிளையிலும் தலைமை அலுவலகத்திலும் பதில் கிடைக்காத முறைப்பாடுகளை இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் தெரிவிக்கலாம்.

உங்கள் ஊரில் செய்வதானால்

உங்கள் சங்கத்திலும் இதைச் செய்வதானால் சில விடயங்களைக் கவனியுங்கள். கணக்குத் திறந்து அதிக காலம் போக முன்னர் கேளுங்கள்; ஒரு வருடம் கழிந்தால் அலைச்சல் மறந்து "நல்லாச் செய்தவை" என்ற பதில்தான் மிஞ்சும். வங்கி உத்தியோகத்தர் இருக்கும்போது படம் வரையாதீர்கள். அவர் முன்னிலையில் மிளகாய் குறைந்துவிடும். வரைந்து முடித்த பின்னர் படத்தைத் தள்ளி நின்று பாருங்கள். அம்புக்குறிகள் எல்லாம் முன்னோக்கியே போய், ஓரிடத்திலாவது திரும்பி வராமல் இருந்தால், அது நடந்த வழி அல்ல, யாரோ சொல்லித் தந்த வழி. அப்படியானால் மீண்டும் கேளுங்கள்.

படத்தின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். எம்முடையது ஒரு கிராமத்துப் பெண்கள் ஒரு கிளைக்குப் போன வழி மட்டுமே. வேறொரு வங்கியில் மேலொப்பம் கேட்காமல் விடலாம். வேறொரு பத்திரம் கேட்கலாம். கைநாட்டு வைப்பவர்களின் வழி இன்னும் வித்தியாசமானது. பணம் எடுக்க ஒவ்வொரு முறையும் அவர்களே நேரில் வரவேண்டியிருக்கலாம். அவர்களுக்குத் தனிப் படம் வேண்டும்.

சென்ற மாதம் எமது சங்கத்தில் இன்னொரு சகோதரி அதே கிளையில் கணக்குத் திறந்தார். பெயர்த் துண்டோடு போனார், மேலொப்பத்தையும் வங்கியையும் ஒரே நாளில் முடித்தார், கட்டத்தை வெறுமையாக விட்டார். வாசலில் தமிழ் அறிவித்தல் இருந்தது. வாங்கில் 40 நிமிடம் இருந்ததாகவும், ஏன் என்று தெரிந்ததால் பயப்படவில்லை என்றும் சொன்னார். கையில் காசு வர ஐந்து பயணம் பிடித்தது. நாம் கணக்குப் போட்டது நான்கு. தொலைபேசியில் கேட்டுப் போயும் கிராம அலுவலரை அன்று காணக் கிடைக்கவில்லை. அந்த இடத்தில் புதிதாக ஒரு மிளகாய் வைத்திருக்கிறோம்.